கால் பவர்தான் கூடியது, கண் எவ்வளவு வளர்ந்தது?

கிளினிக் கொப்பியை விரித்து மேசையில் வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "போன வருசம் ஒன்னேகால், இந்த வருசம் ஒன்னரை. கால்தானே மிஸ் கூடியிருக்கு? பயப்பட ஒன்னும் இல்லையே?"

மகளுக்கு ஒன்பது வயது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வீடு. கொப்பியில் இருந்தது -1.25, -1.50 என்று இரண்டு எண்கள். அவற்றை மட்டும் பார்த்தால் அம்மா சொல்வது சரிதான். குறும்பார்வை உள்ள ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் கால் டயப்டர் என்பது மெதுவான ஏற்றம். ஆனால் அதே கொப்பியின் பின்னட்டைக்குள் மடித்துச் செருகியிருந்த இரண்டு துண்டுத் தாள்கள் வேறு கதை சொன்னன. அந்தத் தாள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. (இந்தப் பிள்ளை ஒரே பிள்ளை அல்ல. பல கொப்பிகளில் பார்த்ததை ஒருத்தியின் கதையாகச் சேர்த்துச் சொல்கிறேன்.)

முதலில் பவர் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். நாம் அதைக் கண்ணின் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம். அது கண்ணின் அளவு அல்ல, ஒரு மிச்சக் கணக்கு. கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை முன்னால் இருக்கும் கருவிழிப் படலமும் உள்ளே இருக்கும் வில்லையும் சேர்ந்து வளைக்கின்றன. வளைந்த வெளிச்சம் ஓர் இடத்தில் குவிகிறது. பின்சுவரில் இருக்கும் விழித்திரை சரியாக அந்த இடத்தில் இருந்தால் பவர் பூச்சியம். கண் நீண்டு, விழித்திரை அந்த இடத்தைத் தாண்டிப் பின்னுக்குப் போயிருந்தால் தூரத்தில் உள்ளது மங்கும். அதுதான் குறும்பார்வை. அந்த மங்கலைச் சரிக்கட்ட எவ்வளவு குழிவில்லை வேண்டும் என்பதே கொப்பியில் எழுதும் மைனஸ் எண்.

தோட்டத்துக் கணக்கில் சொன்னால், சம்பளத் துண்டின் கடைசியில் இருக்கும் தொகை மாதிரி. அட்வான்ஸ், ஈபிஎஃப், அது இது என்று எல்லாம் கழித்த பிறகு கையில் வருவது அது. அதை மட்டும் பார்த்து அந்த மாதம் எத்தனை நாள் வேலைக்குப் பேர் விழுந்தது, எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. கழிவு குறைந்ததால் தொகை கூடியிருக்கலாம், கிலோ கூடியதாலும் கூடியிருக்கலாம். கண்ணில் கிலோவுக்குச் சமமானது அச்சு நீளம். கருவிழிப் படலத்தின் முன்பக்கத்திலிருந்து விழித்திரை வரை எத்தனை மில்லிமீற்றர் என்ற நேரடி அளவு அது.

பிறந்த குழந்தைக்கு இந்த நீளம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். முதல் இரண்டு மூன்று வருடங்களில் வேகமாகக் கூடி, பிறகு மெதுவாகி, பெரியவர்களில் பெரும்பாலும் 23.5க்கும் 24க்கும் இடையில் நிற்கும். கண் இப்படி நீளும்போதே வில்லை மெலிந்து தன் வலுவைக் குறைத்துக்கொள்வதால், வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் குறும்பார்வை வருவதில்லை. ஆரம்பப் பாடசாலை வயதில் நல்ல பார்வையுள்ள பிள்ளையின் கண்ணும் வருடத்துக்கு 0.1 மில்லிமீற்றர் அளவில் நீண்டுகொண்டுதான் இருக்கும், பவரும் பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். குறும்பார்வைப் பிள்ளையின் கண் வருடத்துக்கு 0.2, 0.3, சிலரில் 0.4 என்று ஓடும். வில்லையால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஈடுகொடுக்க முடியாத அந்த மிச்சம்தான் மைனஸ் பவராக வெளியே தெரிகிறது.

இனி அந்தத் தாள்களுக்கு வருவோம். முதல் தாள் தற்செயலாகக் கிடைத்தது. பாட்டிக்குக் கண்புரை ஒபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. உள்ளே வைக்கும் செயற்கை வில்லைக்கு என்ன பவர் என்று கணக்கிட கண்ணின் நீளம் தெரிய வேண்டும். கண் பிரிவில் "பயோமெட்ரி எடுத்துட்டு வாங்க" என்பார்களே, அது இதுதான். பாட்டியோடு போன பேத்திக்கும் அன்றே கண் காட்டினார்கள். பாட்டி எழுந்த அதே நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்து, நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியை முன்பட்டையில் ஒட்டச் சொன்னார்கள். உள்ளே தெரியும் சின்ன வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்று உள்ளே போய்த் திரும்பி வரும், மெஷின் பல தடவை அளந்து சராசரி எடுக்கும். கண்ணை எதுவும் தொடாது, சொட்டு மருந்தும் வேண்டாம். ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தாளில் வந்தது இவ்வளவுதான்:

```
OD  AL 23.42 mm
OS  AL 23.38 mm
```

OD வலக்கண், OS இடக்கண், AL அச்சு நீளம். ஒரு வருடம் கழித்து அதே இடத்தில், அதே மாதிரி மெஷினில் எடுத்த இரண்டாவது தாளில் வலக்கண் 23.76, இடக்கண் 23.70. வலக்கண் 0.34 மில்லிமீற்றர் நீண்டிருந்தது. இடக்கண்ணும் அதே போக்கில் 0.32.

இப்போது கணக்கைப் போடலாம். பிள்ளைகளில் ஒரு மில்லிமீற்றர் நீளம் ஏறக்குறைய இரண்டிலிருந்து இரண்டரை டயப்டர் பவருக்குச் சமம். இது தோராயக் கணக்குத்தான், வயதுக்கும் கண்ணுக்கும் ஏற்ப மாறும். அப்படிப் பார்த்தால் 0.34 மில்லிமீற்றர் முக்கால் டயப்டருக்குக் கிட்ட வர வேண்டும். கொப்பியிலோ கால் டயப்டர். எங்கேயோ உதைக்கிறது.

இப்படி உதைக்கும்போது நான் முதலில் பார்ப்பது, பவர் எப்படி எடுக்கப்பட்டது என்பதை. இந்த வருட -1.50, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வில்லையின் தசையைத் தளர்த்திய பிறகு எடுத்தது. போன வருட -1.25 அப்படி அல்ல. டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில், கம்ப்யூட்டர் மெஷினில் எடுத்த எண். பிள்ளை மெஷினுக்குள் தெரியும் படத்தைப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கண்ணை இறுக்கினால், உள்ளே வில்லை தடித்து இல்லாத மைனஸையும் சேர்த்துக் காட்டும். பிள்ளைகளின் வில்லை மிகவும் வளைந்துகொடுக்கும் என்பதால் இதில் அரை டயப்டர் பிழை வருவது சாதாரணம், அதற்கு மேலேயும் வரும். ஆக, போன வருடம் இவளுடைய உண்மையான பவர் -0.75 பக்கத்தில் இருந்திருக்கும். அது -1.50 ஆகியிருக்கிறது. முக்கால் டயப்டர் ஏற்றம், நீளக் கணக்கோடு பொருந்துகிறது. கொப்பியில் இருந்த "கால்", இரண்டு வெவ்வேறு முறைகளில் எடுத்த எண்களைக் கழித்ததால் வந்த கால்.

மலையகத்தில் இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரே பிள்ளையின் பவரை ஒரு தடவை பாடசாலைக்கு வந்த கண் முகாமிலும், அடுத்த தடவை ஹட்டனில் ஒரு கடையிலும், அதற்கடுத்து கண்டி கிளினிக்கிலும் எடுத்திருப்பார்கள். சொட்டு மருந்து விட்டால் பிள்ளைக்குப் பல மணி நேரம் பக்கத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். அந்தக் கண்ணோடு வளைவு வளைவாகப் பஸ்ஸில் இறங்கி வர வேண்டும். கூட வருபவருக்கு ஒரு நாள் பேர் போகும். அதனால் "சொட்டு வேண்டாம் மிஸ், சும்மா பாத்து எழுதுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. நான் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அப்படி வந்த எண்களை வருடா வருடம் கழித்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. நீளம் இந்தத் தொல்லைக்குள் அதிகம் வராது. பிள்ளை கண்ணை இறுக்கினாலும் சுவருக்கும் சுவருக்கும் உள்ள தூரம் சொல்லும்படியாக மாறாது. சொட்டு விட்டாலும் விடாவிட்டாலும் வரும் வித்தியாசம் மிகச் சிறியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள், -1.00 இருந்தது -1.75 ஆகிவிட்டது என்று. வீட்டில் ஒரே பதற்றம். நீளம் 24.01இலிருந்து 24.10. ஒரு வருடத்தில் 0.09, எந்தப் பிள்ளைக்கும் உள்ள சாதாரண வளர்ச்சி. சொட்டு விட்டுப் பார்த்தால் -1.00தான். பாக்கி, காலையிலிருந்து பாஸ்ட் பேப்பரை மூக்கில் ஒட்டிவைத்துப் படித்த கண்ணின் இறுக்கம்.

சரி, பவரைச் சொட்டு விட்டே ஒழுங்காக எடுத்தால் நீளம் தேவையில்லையா? தேவைதான். ஒரே பவர் உள்ள இரண்டு கண்கள் ஒரே மாதிரியானவை அல்ல. அக்கா, தம்பி இருவருக்கும் -2.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் கருவிழிப் படலம் நன்றாக வளைந்தது, 45 டயப்டர் வலு. நீளம் 23.3 மில்லிமீற்றர். தம்பியுடையது தட்டையானது, 41 டயப்டர், நீளம் 25.1. முன்னால் வலு குறைவாக இருப்பதால், அவ்வளவு நீண்ட கண்ணுக்கும் -2.00 போதுமாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் இரண்டு பேருக்கும் ஒரே வில்லை. ஆனால் பிற்காலத்து ஆபத்தைத் தீர்மானிப்பது கண்ணாடி இல்லை, பின்சுவர் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது. விழித்திரை மெலிவது, கிழிவது, நடுப்பகுதி கெடுவது எல்லாம் நீளத்தோடு சேர்ந்து கூடும். 26 மில்லிமீற்றரைத் தாண்டிய கண்களில் முதுமையில் பார்வை பாதிக்கும் வாய்ப்பு நன்றாகவே உயர்கிறது என்பதால் அந்த எண்ணை ஓர் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். தம்பியின் கண் வருடத்துக்கு 0.2 நீண்டால் நாலரை வருடத்தில் 26ஐத் தொடும். அப்போது அவன் பவர் -4 சொச்சம் இருக்கும். -6ஐத் தாண்டினால்தான் கடும் குறும்பார்வை என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தக் கணக்கில் அவன் இன்னும் "மிதமான" ஆள்.

நீளத்தைப் பார்க்காவிட்டால் எப்படி ஏமாறலாம் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது அட்ரோபின் சொட்டின் கதை. குறும்பார்வை கூடுவதைக் குறைக்க, மிகவும் நீர்த்த அட்ரோபினை இரவில் ஒரு சொட்டு விடும் சிகிச்சை இருக்கிறது. சிங்கப்பூரில் 400 பிள்ளைகளை வைத்து நடந்த ATOM2 ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. அதில் 0.01 சதவீதச் சொட்டு விட்ட பிள்ளைகளின் பவர் இரண்டு வருடத்தில் சராசரியாக -0.49 மட்டுமே கூடியது. அதே ஊரில் முன்பு நடந்த ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் சொட்டு விட்ட பிள்ளைகளுக்கு -1.20 கூடியிருந்தது. பாதிக்கும் குறைவு! பக்கவிளைவும் சொற்பம். உலகமெங்கும் 0.01 பிரபலமானது. ஆனால் அதே கட்டுரையில் நீளமும் இருந்தது. 0.01 விட்ட கண்கள் இரண்டு வருடத்தில் 0.41 மில்லிமீற்றர் நீண்டிருந்தன. வெறும் சொட்டு விட்ட முந்திய பிள்ளைகளின் கண்கள் நீண்டது 0.38. பவரைப் பார்த்தால் மருந்து வேலை செய்தது, நீளத்தைப் பார்த்தால் வேலை செய்த தடமே இல்லை.

இரண்டும் வெவ்வேறு காலத்தில் நடந்த ஆய்வுகள், ஒப்பிடுவது சரியில்லை என்று சொல்லலாம். நியாயம்தான். அதனால் ஹொங்கொங்கில் LAMP என்ற ஆய்வு செய்தார்கள். நாலு முதல் பன்னிரண்டு வயது வரை 438 பிள்ளைகள், வெறும் சொட்டு விடும் குழுவும் அதிலேயே ஒன்று. முதல் வருட முடிவு 2019இல் அச்சில் வந்தது. வெறும் சொட்டுக் குழுவில் கண் 0.41 மில்லிமீற்றர் நீண்டது, 0.01இல் 0.36, 0.05இல் 0.20. பவர் கணக்கில் 0.01 கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே தடுத்தது போலத் தெரிந்தது, நீளக் கணக்கில் எட்டில் ஒரு பங்குதான். நீளத்தைப் பாதியாகக் குறைத்தது 0.05. இதன் பிறகுதான் 0.01 போதும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதைக் கண் வைத்தியர் முடிவு செய்யட்டும். ஆனால் சொட்டோ விசேட வில்லையோ, சிகிச்சை தொடங்கும் நாளில் நீளம் எழுதப்படாவிட்டால், அது வேலை செய்ததா என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரவில் போட்டுக்கொண்டு தூங்கும் வில்லைகளில் இது இன்னும் அப்பட்டம். அவை கருவிழிப் படலத்தையே அழுத்தித் தட்டையாக்கிவிடுவதால் காலையில் பவர் ஏறக்குறைய பூச்சியம் காட்டும். அங்கே பவரை வைத்து எதையும் பின்தொடரவே முடியாது.

இவ்வளவும் சொன்னதால் நீளம் எல்லாவற்றுக்கும் பதில் என்று ஆகிவிடாது. கண்ணாடி எழுத நீளம் உதவாது, அதற்குப் பவர்தான் வேண்டும். ஒரே ஒரு நீள அளவை வைத்துப் பிள்ளைக்குக் குறும்பார்வை இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. 24.2 உள்ள பையன் ஒருவன் கண்ணாடி இல்லாமல் 6/6 வரி வாசிப்பான், 23.2 உள்ள சிறுமிக்கு -1.50 இருக்கும். ஆண் பிள்ளைகளின் கண் சராசரியாக அரை மில்லிமீற்றர் அளவு நீளம், உயரமான பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கூட. உயரம், நிறைக்கு இருப்பது போல வயதுக்கேற்ற வளைகோடுகள் இதற்கும் இருக்கின்றன. ஐரோப்பியப் பிள்ளைகளை வைத்தும் சீனப் பிள்ளைகளை வைத்தும் போட்டவை அவை. நம் பிள்ளை அவற்றில் எத்தனையாவது கோட்டில் இருக்கிறாள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போன வருடம் இருந்த கோட்டிலிருந்து மேல் கோட்டுக்குத் தாவுகிறாளா என்பதைத்தான் பார்ப்பேன்.

இன்னொரு விடயம் இடைவெளி. இந்த ஒளி மெஷின்கள் நல்லவை, ஆனாலும் ஒரே கண்ணை இரண்டு தடவை அளந்தால் 0.02, 0.03 அங்கே இங்கே போகும். காலைக்கும் மாலைக்கும் நடுவில் கண்ணே அந்த அளவு மாறும். மூன்று மாதத்தில் திரும்ப அளந்து 0.05 கூடியிருந்தால், அதில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு மெஷின் என்று பிரிக்க முடியாது. ஆறு மாதம் விட்டால் ஓரளவு தெரியும், ஒரு வருடம் விட்டால் நன்றாகத் தெரியும். வருடத்துக்கு 0.1 என்றால் நிம்மதி, சிகிச்சையிடம் எதிர்பார்ப்பதும் அந்த அளவைத்தான். வளரும் பிள்ளையின் கண் அப்படியே நிற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. 0.3க்கு மேல் என்றால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

தலவாக்கலைப் பிள்ளைக்குச் சொட்டு தொடங்கி ஒரு வருடம் ஆனது. இந்தத் தடவை கண்டிக்குப் போக முடியவில்லை, பக்கத்தில் வேறோர் இடத்தில் அளந்து வந்தார்கள். வலக்கண் 23.61. போன வருடம் 23.76. அம்மாவுக்கு ஒரே சந்தோசம்: "கண்ணு சின்னதாயிருச்சு மிஸ்!"

நான் பிள்ளையிடம் கேட்டேன், எப்படி அளந்தார்கள் என்று. "மரக்கிற மருந்து விட்டு, பேனா மாதிரி ஒன்ன கண்ணுல வச்சாங்க" என்றாள். அது ஒலியலை முறை, ஏ-ஸ்கேன். கண்புரை மிகவும் முற்றி ஒளி உள்ளே போகாத கண்களுக்கு அது தேவைப்படும், பல இடங்களில் இருப்பதும் அதுதான். ஆனால் பேனாவின் நுனி கருவிழிப் படலத்தைத் தொடும்போது கொஞ்சம் உள்ளே அமுக்கிவிடும், அமுக்கிய அளவு நீளம் குறைந்து தெரியும். கை அழுத்தத்தைப் பொறுத்து 0.1, 0.2 மில்லிமீற்றர் ஏறி இறங்கும். பாட்டியின் வில்லைக் கணக்குக்கே அது தொல்லை, ஒரு வருடத்தில் 0.1ஆ 0.3ஆ என்று பார்க்க வேண்டிய பிள்ளைக்கு அது உதவவே உதவாது. தவிர, ஒளி மெஷின் விழித்திரையின் பின்னடுக்கு வரை அளக்கும், ஒலியலை முன்பரப்பிலேயே திரும்பிவிடும். இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று கழிக்கக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து, பாட்டியின் அடுத்த கண்ணுக்குக் கண்டி போனபோது பிள்ளையையும் கூட்டிப்போய் பழைய மெஷினிலேயே எடுத்து வந்தார்கள். 23.91. பதினாலு மாதத்தில் 0.15. கொப்பியில் 23.61ஐ வெட்டச் சொன்னார் அம்மா. நான் வெட்டவில்லை. பக்கத்தில் "பேனா வைத்து எடுத்தது" என்று எழுதி, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் "ஒளி மெஷின், கண்டி" என்று திகதியோடு எழுதிக் கொடுத்தேன்.